சக்கரம் நிற்கும்வரை கேமராவும் நிற்கட்டும்: பிரஸ் ஷாப் பாதுகாப்பு வீடியோவுக்குக் கதை எழுதும் ஒருவருக்கு

வாசகர் கடிதம்

ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் ஷாப்பில் எல்லாம் பழைய கீ கிளட்ச் பிரஸ்கள். போன மாதம் ஒரு பையன் டை என்ற அச்சில் மாட்டிய பீஸை எடுக்க மோட்டாரை ஆஃப் செய்துவிட்டுக் கையை உள்ளே விட்டிருக்கிறான். ஹெல்பர் கால் தவறிப் பெடலில் பட்டு, மேலிருந்து அழுத்தும் ராம் இறங்கிவிட்டது. கையுறையின் நுனி மட்டும் போனது, விரல் தப்பியது. அதன்பிறகு பத்து நிமிடப் பயிற்சி வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் ஒடிசா, பீகார் பக்கம். தமிழ் ஆட்களிலும் சிலருக்குப் படிக்க வராது. எங்கள் வேலைமுறைக் கையேட்டை வைத்துப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். கீழே தமிழிலும் இந்தியிலும் எழுத்து ஓடவிடலாம், அந்தச் சம்பவத்தின் சிசிடிவி காட்சியை முதலில் போடலாம், பார்த்து முடித்ததும் கைநாட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று யோசனை. லைட் கர்ட்டன் மாட்டப்போவதாகவும் அதையும் சேர்க்கும்படியும் மேனேஜ்மென்ட் சொல்கிறது. இந்தத் திட்டம் சரியா? பெயர் வேண்டாம்.

ஆலோசனை

அந்தப் பையன் மோட்டாரை ஆஃப் செய்துவிட்டுத்தான் கையை விட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீடியோவுக்கான விஷயம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அவன் அலட்சியமாக இருக்கவில்லை. தனக்குத் தெரிந்த பாதுகாப்பைச் செய்துவிட்டுத்தான் கையை நீட்டினான். மோட்டார் நின்றால் பிரஸ் நின்றது என்று நம்பியிருந்தான். கீ கிளட்ச் பிரஸ்ஸில் அது உண்மை இல்லை. மோட்டார் நின்ற பிறகும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் தன் வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பெடல் மிதிபட்டால் கீ விழுந்து, சக்கரமும் ஷாஃப்டும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தில் மிச்சமிருக்கும் வேகமே ராமைக் கீழே இறக்கிவிடும். பாதி வழியில் நிறுத்தவும் முடியாது.

உங்கள் பன்னிரண்டு பக்கத்தில் இந்த விஷயம் எத்தனை வரி வந்திருக்கிறது என்று பாருங்கள். கையேட்டிலிருந்து எழுதப்படும் வீடியோக்களில் ஹெல்மெட், ஷூ, கம்பெனிக் கொள்கை, அவசர எண் எல்லாம் வந்து, ஆளைக் காயப்படுத்தப்போகும் விஷயம் நடுவில் ஒரு வாக்கியமாக ஓடிவிடும். படிக்கத் தெரிந்தவர் அந்த வாக்கியத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். படிக்கத் தெரியாதவருக்குத் திரும்பிப் போக இடமில்லை. அதனால் பத்து நிமிட வீடியோவை விட்டுவிடுங்கள். "பீஸ் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது" என்ற ஒன்றை மட்டும் எடுத்து, மூன்று நான்கு நிமிடத்தில் ஒரு வீடியோ செய்யுங்கள். டை மாற்றுவது செட்டரின் வேலை, அதற்குத் தனி வீடியோ பிறகு எடுக்கலாம். ஹெல்மெட்டுக்கு வீடியோவே வேண்டாம், சூப்பர்வைசர் வாயால் சொன்னால் போதும்.

முதலில் பிரஸ், பிறகு வீடியோ

லைட் கர்ட்டன் விஷயத்தை மேனேஜ்மென்ட்டிடம் உடனே பேசிவிடுங்கள். ஒளிக்கதிரின் குறுக்கே கை வந்ததும் ராமை நடுவழியில் நிறுத்துவதுதான் லைட் கர்ட்டனின் வேலை. கீ கிளட்ச் பிரஸ் ஒருமுறை விழுந்துவிட்டால் முழுச் சுற்றும் முடித்துத்தான் நிற்கும். ஆகவே அதில் லைட் கர்ட்டன் காப்பாற்றாது. காற்றழுத்தத்தில் இயங்கும் ஃப்ரிக்‌ஷன் கிளட்ச்சும் பிரேக்கும் உள்ள பிரஸ்களுக்குத்தான் அது பொருந்தும். உங்கள் பிரஸ்ஸில் அதை மாட்டி, வீடியோவிலும் பெருமையாகக் காட்டினால், விளக்கு எரிகிறது என்று நம்பி ஆட்கள் கையை விடுவார்கள். இல்லாததைவிட அது ஆபத்து.

அந்தப் பணத்தில் செய்ய வேண்டியவை வேறு. பெடலுக்கு மேலே மூடி வேண்டும், கால் தவறிப் பட்டாலும் மிதிபடாதபடி. டையைச் சுற்றி நிலையான தடுப்பு வேண்டும், ஷீட் நுழையும், விரல் நுழையாது என்ற அளவில் இடைவெளி விட்டு. மெயின் ஸ்விட்ச்சில் பூட்டுப் போட வசதி வேண்டும். எந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்புப் போடுவது முதலாளியின் கடமை என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவிலேயே இருந்தது. தடுப்பு இல்லாத எந்திரத்தை வைத்துக்கொண்டு "கவனமாக இருங்கள்" என்று வீடியோ எடுப்பது, கம்பெனியின் கடமையைத் தொழிலாளியின் தலையில் தூக்கி வைப்பதுதான். இதை நீங்கள் எழுத்தில் கொடுத்துவிட்டுக் கேமராவை வரச்சொல்லுங்கள்.

படப்பிடிப்புக்கு முன் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ளைவீல் நின்றுவிட்டதா என்று தொழிலாளி நிற்கும் இடத்திலிருந்து தெரிகிறதா? முழுத் தகடு மூடியாக இருந்தால் தெரியாது. "சக்கரம் நிற்கும்வரை பாருங்கள்" என்று வீடியோ சொல்லும், பார்க்க வழி இருக்காது. மூடியில் வலைக்கம்பி வைத்த ஒரு சன்னல் போட்டு, சக்கரத்தின் மேல் மஞ்சள் பெயின்டில் ஒரு பட்டை அடித்துவிடுங்கள். பட்டை நின்றால் சக்கரம் நின்றது. நன்றாகத் தெரியட்டும் என்று மூடியைக் கழற்றிவிட்டுப் படம் எடுக்காதீர்கள். மூடி இல்லாமல் ஓட்டலாம் என்பதையும் சேர்த்து அந்தக் காட்சி சொல்லிக்கொடுத்துவிடும்.

எழுத்து ஓடவிடுவது யாருக்கு உதவும்?

கீழே ஓடும் எழுத்து, படிக்கத் தெரிந்தவருக்கு மட்டும்தான் உதவும். மெதுவாகப் படிப்பவருக்கு அது இடைஞ்சல். அவர் கண் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்போது மேலே கை நகர்ந்து முடிந்திருக்கும். அதனால் எழுத்தை எடுத்துவிட்டுக் குரலை நம்புங்கள்.

குரலை மட்டும் நம்பியும் பயனில்லை. படமும் ஒரு மொழிதான், அதுவும் கற்றுக்கொண்டால்தான் புரியும் என்பதை நம்மில் பலர் யோசிப்பதில்லை. சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு போட்டால் "செய்யாதே" என்று நமக்குப் புரிகிறது, பழகியதால். பழகாதவருக்குக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் கைதான் தெரியும். அம்புக்குறி, திரையை இரண்டாகப் பிரித்து இடது பக்கம் தவறு, வலது பக்கம் சரி என்று காட்டுவது, எந்திரத்தைக் குறுக்கே வெட்டியது போன்ற வரைபடம் எல்லாமே இப்படித்தான். உங்கள் கதையிலிருந்து இவற்றை எடுத்துவிடுங்கள். தவறான செயலை நடித்துக் காட்டவே வேண்டாம். செய்து காட்டியதுதான் மனதில் நிற்கும், "இது தவறு" என்று குரலில் சொன்னது நழுவிவிடும். மொழி சரியாகப் புரியாதவருக்குப் போய்ச் சேருவது அந்தச் செயல் மட்டும்தான்.

கேமரா ஆபரேட்டரின் தோளுக்குப் பின்னால் இருக்கட்டும். எதிரில் நின்று எடுத்தால் அவரது வலது கை திரையில் இடது பக்கம் வரும், பார்ப்பவர் மனதுக்குள் திருப்பிப் போட வேண்டியிருக்கும். முழு பிரஸ்ஸைக் காட்டிவிட்டு வெட்டாமல் மெதுவாக அருகே போங்கள். திடீரென்று திரை முழுக்க ஒரு பொத்தான் வந்து நின்றால், அது எந்தப் பக்கத்துப் பொத்தான் என்று சிலருக்குத் தெரியாமல் போகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கேட்டுக்கொள்வது இதுதான். சக்கரம் நிற்கும் நேரத்தை வெட்டாதீர்கள். உங்கள் பிரஸ்ஸில் ஃப்ளைவீல் நிற்க எவ்வளவு நேரமாகிறது என்று முதலில் கடிகாரம் வைத்துப் பாருங்கள். எந்திரத்துக்கு எந்திரம் அது மாறும். எடிட்டிங் செய்பவர் "ஒன்றும் நடக்கவில்லையே" என்று அந்த இடத்தைச் சுருக்கப் பார்ப்பார். சுருக்கினால் திரையில் என்ன தெரியும்? ஸ்விட்ச் ஆஃப், அடுத்த நொடி சக்கரம் நின்றுவிட்டது, கை உள்ளே போகிறது. அந்தப் பையன் நம்பியதையே உங்கள் வீடியோவும் சொல்லிக்கொடுத்துவிடும். கையேட்டில் "சக்கரம் முழுமையாக நிற்கும்வரை காத்திருக்கவும்" என்று எழுதினால் படித்தவருக்குக் காத்திருப்பு புரியும். படிக்காதவருக்குக் காத்திருப்பைக் காட்ட ஒரே வழி, அவரையும் அவ்வளவு நேரம் காத்திருக்க வைப்பதுதான்.

எழுதிப் பார்த்தால்

காட்சியை முதலில் எழுதுங்கள், குரலைப் பிறகு எழுதுங்கள். குரல் இல்லாமலேயே காட்சி முக்கால் பங்கு புரிய வேண்டும். உங்கள் பிரஸ்ஸை மனதில் வைத்து நான் எழுதினால் இப்படி வரும்:

*காட்சி 1.* நின்றிருக்கும் பிரஸ். செட்டர் ஒரு காலி அட்டை உருளையை டையின் மேல் வைக்கிறார். தள்ளி வந்து மோட்டாரைப் போடுகிறார். சக்கரம் வேகம் எடுக்கிறது. மோட்டாரை ஆஃப் செய்கிறார், சத்தம் குறைகிறது. மஞ்சள் பட்டை இன்னும் சுற்றுகிறது. டை பக்கம் யாரும் இல்லை. பெடலை மிதிக்கிறார். ராம் இறங்கி அட்டை நசுங்குகிறது. கேமரா நசுங்கிய அட்டையின் மேல் சற்று நேரம் நிற்கிறது.
*குரல்:* "மோட்டார் ஆஃப் பண்ணியாச்சு. ஆனா சக்கரம் சுத்துது பாருங்க." (அட்டை நசுங்கிய பிறகு) "சக்கரம் சுத்துற வரைக்கும் ராம் இறங்கும்."

*காட்சி 2.* ஆபரேட்டர் வேலை செய்கிறார். பீஸ் மாட்டிக்கொள்கிறது. முதலில் காலைப் பெடலிலிருந்து எடுத்துப் பின்னால் தரையில் வைக்கிறார். கேமரா காலைத் தொடர்கிறது.
*குரல்:* "பீஸ் மாட்டிக்கிச்சா? முதல்ல காலை எடுங்க. பின்னாடி வைங்க."

*காட்சி 3.* மோட்டாரை ஆஃப் செய்கிறார். தலையைத் தூக்கிச் சக்கரத்தைப் பார்க்கிறார். கேமராவும் அங்கே போய் நிற்கிறது. பட்டை சுற்றிச் சுற்றி மெதுவாகி நிற்கும்வரை வெட்டு இல்லை.
*குரல்:* "ஆஃப் பண்ணுங்க. இப்ப சக்கரத்தைப் பாருங்க." (பேச்சில்லை. பட்டை நின்ற பிறகு) "இப்பதான் நின்னுச்சு."

*காட்சி 4.* மெயின் ஸ்விட்ச்சில் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைக்கிறார். இடுக்கியால் பீஸை எடுக்கிறார்.
*குரல்:* "பூட்டுப் போடுங்க. சாவி உங்க பையில இருக்கட்டும். இடுக்கியால எடுங்க."

*காட்சி 5.* வேறு ஒரு பீஸ், இடுக்கிக்கு வரவில்லை. ஆபரேட்டர் கையை இறக்கிவிட்டுச் செட்டரைக் கூப்பிடுகிறார். செட்டர் வருகிறார்.
*குரல்:* "வரலையா? விட்டுடுங்க. செட்டரைக் கூப்பிடுங்க."

அவ்வளவுதான். காட்சி 5-ஐ நேரம் மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள். இடுக்கிக்கு வராதபோது "ஒரு நிமிஷம்தானே" என்று கை போகும் இடம் அதுதான். செட்டரைக் கூப்பிட்டால் நேரம் போகும், எண்ணிக்கை குறையும், சூப்பர்வைசர் கேட்பார் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அதனால் செட்டரோடு உங்கள் சூப்பர்வைசரையும் அந்தக் காட்சியில் நிற்க வைத்து, "கூப்பிட்டது நல்லது, அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டோம்" என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள். அப்படிச் சொல்ல அவர் தயாராக இல்லை என்றால் அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

அட்டை உருளைக் காட்சியை எடுக்கும்போது நீங்கள் நேரில் இருங்கள். உருளையை வைப்பது சக்கரம் நின்றிருக்கும்போது மட்டும். திரும்ப எடுக்க வேண்டியிருந்தால் மறுபடியும் முழுக்க நிற்கவிட்டுப் பிறகு வையுங்கள். நடிப்பவர்கள் உங்கள் ஆட்களாகவே இருக்கட்டும், அவர்கள் சம்மதத்தோடு. கையில் கயிறு, காப்பு, பாக்கெட்டில் எட்டிப் பார்க்கும் போன் எதுவும் வேண்டாம். பார்ப்பவர்கள் அதையும் சேர்த்தே பின்பற்றுவார்கள்.

சிசிடிவி காட்சி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பையன் உங்கள் ஷாப்பில்தான் இன்னும் வேலை செய்கிறான். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் அவன் தவறு போலத் திரையில் ஓடினால் அவன் மனம் என்ன பாடுபடும்? இனி அப்படித் தப்பித்தவர்கள் யாரும் உங்களிடம் வந்து சொல்ல மாட்டார்கள். பார்ப்பவர்களும் "அவன் கவனிக்கவில்லை, நான் கவனிப்பேன்" என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நசுங்கிய அட்டை யாரையும் குற்றம் சொல்லாமல் அதே விஷயத்தைச் சொல்லிவிடும்.

மொழிகள்

நடிப்பவர்கள் திரையில் வாய் திறந்து பேசாமல், எல்லாம் பின்னணிக் குரலாகவே இருக்கும்படி எழுதினால், ஒரே படத்துக்கு எத்தனை மொழியில் வேண்டுமானாலும் குரல் மாற்றலாம். சூப்பர்வைசர் பேசும் இடத்தில் மட்டும் அவர் முதுகு தெரியும்படி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே விஷயம் சொல்ல ஒரு மொழிக்கு அதிக நேரம் பிடிக்கும், எனவே ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் இடம் விடுங்கள்.

ஒடிசாவிலிருந்து வந்தவர்களுக்கு இந்தி போதும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். கடைக்குப் போகும் அளவு இந்தி தெரிந்தவருக்கு, ஆபத்து பற்றிய வாக்கியம் முழுதாகப் புரியும் என்று சொல்ல முடியாது. ஒடியா குரல் தனியாகப் போடுங்கள். உங்கள் ஷாப்பிலேயே நன்றாகப் பேசும் ஒடியா ஆபரேட்டர் ஒருவரை உட்கார வைத்து, காட்சியைக் காட்டி, "இதை உங்கள் ஊர்ப் பையனுக்கு எப்படிச் சொல்வீர்கள்" என்று கேட்டு அவர் சொல்வதையே பதிவு செய்யுங்கள். மொழிபெயர்ப்பு அலுவலகத்திலிருந்து வரும் ஏட்டு நடையைவிட அது நன்றாகப் போய்ச் சேரும். தமிழுக்கும் இதே வழிதான். பெடல், டை, ராம், பீஸ் என்று ஷாப்பில் என்ன சொல்கிறார்களோ அதுவே குரலிலும் வரட்டும்.

கைநாட்டு எதை நிரூபிக்கும்?

வீடியோ ஓடிய அறையில் ஒருவர் இருந்தார் என்பதை மட்டும்தான் கைநாட்டு காட்டும். தேவையான தகவல், அறிவுரை, பயிற்சி, மேற்பார்வை எல்லாம் தருவது முதலாளியின் கடமை என்று 1948 சட்டத்தின் 7ஏ பிரிவு சொன்னது. உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமை தொழிலாளிக்கு 111ஏ பிரிவில் இருந்தது. அதன் இடத்தில் வந்த 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் 14-ஆம் பிரிவில் அந்த உரிமை இருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் அதை முதலாளியிடம் சொல்லும் உரிமையும் அதே பிரிவில் உண்டு. புரியாத மொழியில் ஓடிய வீடியோவின் கீழே வாங்கிய கைநாட்டு, நாளை விசாரணை வந்தால் கம்பெனிக்கும் பெரிய துணையாக இருக்காது. தொழிலாளிக்கோ அது "சொல்லியும் கேட்கவில்லை" என்று தன் மேல் திரும்பக்கூடிய காகிதம். அவரால் படிக்க முடியாத காகிதத்தில் அப்படி ஒன்றை வாங்காதீர்கள்.

அதற்குப் பதிலாகச் செய்து காட்டச் சொல்லுங்கள். பூட்டுப் போட்டு நிறுத்திய பிரஸ் முன்னால் ஒவ்வொருவராக நிற்கட்டும். "பீஸ் மாட்டிக்கிச்சு, என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேளுங்கள். கால் முதலில் பின்னால் போகிறதா? ஆஃப் செய்த பிறகு தலை சக்கரத்தின் பக்கம் தூக்கிப் பார்க்கிறதா? சாவி பைக்குள் போகிறதா? இந்த மூன்றையும் சூப்பர்வைசர் பார்த்துக் குறித்துக்கொண்டு தேதி போடட்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். நாலு பேர் முன்னால் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்வது பெரியவர்களுக்குக் கஷ்டம்.

இதே சோதனையை வீடியோ முடிவதற்கு முன்பே ஒருமுறை நடத்திப் பாருங்கள். எடிட்டிங் செய்பவர் கையில் இருக்கும் முதல் வடிவத்தை, படிக்கத் தெரியாத ஐந்தாறு பேருக்குச் சத்தமில்லாமல் ஓட்டிக் காட்டி, என்ன நடக்கிறது என்று அவரவர் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். "எந்திரத்தை ஆஃப் செய்து பீஸ் எடுக்கிறார்" என்று மட்டும் சொன்னால் சக்கரம் அவர்கள் கண்ணில் படவில்லை என்று பொருள். மஞ்சள் பட்டை போதுமான அளவு பெரிதாக இல்லையோ, கேமரா அங்கே போவதற்குள் ஆபரேட்டரின் கை திரையில் அசைந்து கவனத்தை இழுத்துவிட்டதோ, ஏதோ ஒன்று இருக்கும். ஆபரேட்டர் இரண்டு கையையும் கீழே தொங்கவிட்டு அசையாமல் நிற்கும்படி மறுபடி எடுத்துப் பாருங்கள். "சக்கரம் நிற்பதற்காக நிற்கிறார்" என்று ஒருவராவது தானாகச் சொல்லும்வரை இறுதி வடிவத்துக்குப் போக வேண்டாம்.

மேனேஜ்மென்ட்டிடம் நாள் கேட்கும்போது பெடல் மூடிக்கும் வலைச் சன்னலுக்கும் ஆகும் நாளையும் சேர்த்துக் கேளுங்கள். அவற்றை மாட்டிய பிரஸ்ஸில்தான் படம் எடுக்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் பிரஸ் பக்கத்தில் ஆட்களைக் கூட்டி, அட்டை உருளையை நேரிலேயே நசுக்கிக் காட்டிவிடுங்கள்.